விலை கூடிய பெட்ரோலும் என் வண்டியின் இன்டேக் வால்வும்: 61,000 கிலோமீட்டர் கணக்கு

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து 2021 ஆவணியில் எடுத்த வண்டி. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். கோவையிலிருந்து திருப்பூருக்கும் ஈரோட்டுக்குமாக ஓடுவதால் மாதம் 1,400 கிலோமீட்டர் சாதாரணமாக ஏறிவிடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கரி படியும் என்று முன்பே படித்திருந்தேன். அதனால் முதல் நாளிலிருந்தே பிரீமியம் பெட்ரோல்தான். பங்க் பையன் "நார்மலா, பிரீமியமா சார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் பிரீமியம் என்று சொல்லிவிடுவேன். ஆக்டேன் 95, இன்ஜினைச் சுத்தம் செய்யும் டிடர்ஜென்ட் கலந்தது, லிட்டருக்கு ஏறத்தாழ 7 ரூபாய் கூடுதல்.

38,000 கிலோமீட்டரில், 2023 கடைசியில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் இன்ஜின் லேசாகத் தடுமாற ஆரம்பித்தது. சிங்காநல்லூர் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் பிளக், காயில் எல்லாம் பார்த்துவிட்டு, இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி உள்ளே கேமராவை விட்டார். போன் திரையில் தெரிந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வால்வின் பின்பக்கம் உலோகமே தெரியவில்லை. அடி பிடித்த பால் பாத்திரம் மாதிரி கறுப்பாக, மேடு பள்ளமாக ஒரு படலம். விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

"அண்ணா, நான் ஒரு தடவைகூட நார்மல் போட்டதில்லையே" என்றேன்.

"இது பெட்ரோல்ல வந்தது இல்லைங்க சார், ஆயில்ல வந்தது. இந்த இடத்தைத்தான் உங்க பெட்ரோல் தொடறதே இல்லைங்களே" என்றார்.

அதுவரை செலவழித்ததை அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். 38,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்றால் சுமார் 2,530 லிட்டர். லிட்டருக்கு 7 ரூபாய் வீதம் 17,700 ரூபாய். அந்தக் கடுப்பில்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

பழைய பாணி இன்ஜினில் இன்ஜெக்டர் இன்டேக் குழாயில் இருக்கும். ஒவ்வொரு முறையும் பெட்ரோலை வால்வின் முதுகில்தான் பீய்ச்சும். தினமும் வாசல் தெளிக்கிற வீடு மாதிரி, அதில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் இன்ஜெக்டரின் முனை சிலிண்டருக்குள் இருக்கிறது. பெட்ரோல் 200 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் நேராக எரியும் அறைக்குள் போகிறது. வால்வு வழியாக வருவது காற்று மட்டும்தான். ஆனால் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து ஆயில் ஆவியைத் தூக்கிக்கொண்டு, ப்ரீதர் குழாய் வழியாகத் திரும்ப அதே காற்றோடு வந்து சேரும். சூடான வால்வில் அது பட்டுக் காய்ந்து, அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. கழுவ ஆளில்லாத வாசல். பெட்ரோலில் எவ்வளவு உசத்தியான டிடர்ஜென்ட் இருந்தாலும் அது அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. இதனால்தான் டொயோட்டா டி-4எஸ் மாதிரியான இன்ஜின்களில் இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் வைக்கிறார்கள்.

பிறகு, டிடர்ஜென்ட் குறைந்த பெட்ரோலில் வால்வுப் படிவு "19 மடங்கு" என்று சொல்கிறார்களே, அந்தப் புகழ்பெற்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச டிடர்ஜென்ட் இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது போதாது என்று பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா சேர்ந்து 2004-ல் டாப் டியர் என்ற கூடுதல் தரத்தை ஏற்படுத்தின. ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பு 2016-ல் இரண்டையும் ஒப்பிட்டு, டாப் டியர் அல்லாத பெட்ரோலில் வால்வுப் படிவு சராசரியாக 19 மடங்கு அதிகம் என்று வெளியிட்டது. சோதனை நேர்மையானதுதான். ஆனால் அதை ஓட்டியது இன்டேக் குழாயில் பெட்ரோல் பீய்ச்சும் பழைய 2.3 லிட்டர் ஃபோர்டு இன்ஜினில். என் வண்டியின் வால்வுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊர் விளம்பரங்களில் பளபளக்கும் வால்வுப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது இதுதான் ஞாபகம் வருகிறது.

அப்படியானால் டிடர்ஜென்ட் சுத்த வீணா என்றால், அதுவும் இல்லை. பெட்ரோல் தொடுகிற இடம் ஒன்று இருக்கிறது: இன்ஜெக்டரின் முனை. அதிலுள்ள ஓட்டைகள் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. பீய்ச்சி முடித்ததும் ஓட்டைக்குள் துளி பெட்ரோல் தங்கும். முக்கியமாக, ஓடிய வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் சூட்டில் லேசான பாகம் ஆவியாகிவிட, கனமான பாகம் பிசினாகிக் கரியாகும். ஓட்டை சுருங்கும், தெளிப்பு கோணலாகும். இங்கேதான் டிடர்ஜென்டுக்கு வேலை. ஐரோப்பாவில் இதைச் சோதிக்கவே ஃபோக்ஸ்வேகனின் 1.4 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் தனிச் சோதனை முறை வைத்திருக்கிறார்கள்.

இதை என் வண்டியில் பார்க்க முடியுமா என்று ஓர் ஆசை. மெக்கானிக் அண்ணன் அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து வால்வுகளைச் சுத்தம் செய்தார். அரை நாள் வேலை, 11,000 ரூபாய். காலைத் தடுமாற்றம் அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு பிரீமியத்தை நிறுத்திவிட்டு நார்மல் பெட்ரோலுக்கு மாறினேன். வண்டியின் கணினி காட்டும் எண்களைப் போனில் படிக்க உதவும் ஒரு ஓபிடி டாங்கிளை மாட்டி, சூடான இன்ஜினில் 80 கிலோமீட்டர் வேகத்தில் `LTFT`, அதாவது லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணை மாதம் ஒருமுறை குறித்து வைத்தேன். இன்ஜெக்டர் கொடுக்க வேண்டிய பெட்ரோலைக் கொடுக்காவிட்டால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ அதை ஈடுகட்ட இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். எத்தனை சதவீதம் கூடுதல் என்பதுதான் அந்த எண். சுத்தம் செய்த கையோடு +2 இருந்தது.

நான்கு மாதம் +2, +3 என்று இருந்தது, திடீரென்று இரண்டே டேங்கில் +6-க்குத் தாவியது. நார்மல் பெட்ரோல் இன்ஜெக்டரை அடைத்துவிட்டது என்று நண்பர்களிடம் அறிவித்தும் விட்டேன். அப்புறம்தான் பங்க்கில் ஒட்டியிருந்த இ20 ஸ்டிக்கர், அதாவது 20 சதவீத எத்தனால் கலந்தது என்ற அறிவிப்பு, கண்ணில் பட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. 10 சதவீதக் கலப்பிலிருந்து 20-க்குப் போனால் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். என் தாவல் அப்படியே அதுதான். இதைக் கவனிக்காமல் டிரிம்மை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் யாரும் ஏமாறுவார்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலை ஒரு டேங்க் போட்டால் டிரிம் தானாக இறங்கும், அதைப் பார்த்து "ஆகா, சுத்தமாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்வோம்.

கரி அப்படித் தாவாது, ஊர்ந்துதான் வரும். அடுத்த 11,000 கிலோமீட்டரில் +6 மெதுவாக +9 ஆனது. காற்றுக் கசிவாக இருந்தால் ஐடிலில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் காட்டும். எனக்கு இரண்டிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தது. காற்று சென்சாரையும் சுத்தம் செய்து பார்த்தேன், மாற்றமில்லை. சரி, இன்ஜெக்டர்தான்.

இப்போது திரும்ப பிரீமியம். தொடர்ந்து ஐந்து டேங்க். பங்க்கில் அதிலும் இ20-தான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். +9 என்பது +8 ஆனது. அந்த ஒன்றை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன், வெயில் மாறினாலே அவ்வளவு மாறும். அதன் பிறகு பிஇஏ, அதாவது பாலிஈதர் அமீன் உள்ள ஒரு பாட்டிலை வாங்கி முழு டேங்கில் ஊற்றினேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்த டேங்க் முடிந்து அடுத்தது பாதியில் இருக்கும்போது எண் +6-க்கு வந்திருந்தது. இ20-க்குரிய ஏற்றத்தைக் கழித்தால் சுத்தம் செய்த நாளின் நிலை.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. பங்க் பெட்ரோலில் டிடர்ஜென்ட் சில நூறு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் சில நூறு பங்கு அளவில்தான் கலப்பார்கள். புதிதாகப் படியாமல் தடுக்க அது போதும். படிந்து வேகவைத்த கரியைப் பெயர்க்க ஆயிரக்கணக்கில் பிபிஎம் வேண்டும், பாட்டில் தருவது அதைத்தான். டிடர்ஜென்டின் வகையும் முக்கியம். மலிவான பாலிஐசோபியூட்டின் அமீன் வகை வால்வைக் கழுவ நல்லது, ஆனால் எரியும் அறையில் தானே கொஞ்சம் படிவை விட்டுச் செல்லும். பிஇஏ அந்தச் சூட்டையும் தாங்கும். நம் பங்க்கில் ஆக்டேன் எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறார்களே தவிர, எந்த டிடர்ஜென்ட், எத்தனை பிபிஎம் என்று நான் நிரப்பிய ஓர் இடத்திலும் பார்த்ததில்லை. கேட்டாலும் பதில் வராது. ஆக்டேனுக்காகப் பிரீமியம் போட்ட காலமும் போய்விட்டது. சாதாரண இ20 பெட்ரோலே ஆக்டேன் 95 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் சொல்லியிருக்கிறது. கூடுதல் விலை இல்லாமலே டிடர்ஜென்ட் கலந்து தருவதாக ஜியோ-பிபி சொல்கிறது. எனவே விலையை வைத்து டிடர்ஜென்ட் அளவை ஊகிக்க முடியாது.

என் சோதனையில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஒரே வண்டி, பாதி வழியில் எரிபொருளே மாறிவிட்டது. முதல் 38,000 பிரீமியத்தில் ஓடியபோது டிரிம்மை நான் குறிக்கவே இல்லை, அதனால் பிரீமியம் இன்ஜெக்டரைக் காத்ததா என்பதற்கு என்னிடம் எண் கிடையாது. காத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது நான் செய்வது: நார்மல் பெட்ரோல், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு பிஇஏ பாட்டில். அதுவும் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் மட்டும். எரியாமல் தப்பும் பிஇஏ கொஞ்சம் ஆயிலில் இறங்கும், அதோடு மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம் என்பதற்காக. பிரீமியத்தில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 4,700 ரூபாய் கூடுதலாகும். ஆயிலைப் பொறுத்தவரை கம்பெனி சொன்ன கிரேடுதான், ஆனால் சொன்ன தூரம் வரை இழுக்காமல் முன்பே மாற்றிவிடுகிறேன். வால்வில் படிவது அங்கிருந்துதான் என்பதால் அந்தக் காசு மட்டும் உறுத்துவதில்லை.

போன மாதம் 61,000-ல் இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தேன். ஒரு சிலிண்டர்தான் தெரிந்தது. வால்வில் மறுபடியும் கறுப்பு, முதல் தடவை பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சுத்தம் செய்து 23,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. பெரும்பாலும் நார்மலில் ஓடிய தூரம், ஆனாலும் பிரீமியத்தில் படிந்த அதே வேகம்தான். அண்ணனிடம் படத்தை அனுப்பினேன். "75,000 வரைக்கும் ஓட்டுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது.