அனலில் விழிப்பவருக்குத் தூக்க மாத்திரையா, ஹார்மோன் ஜெல்லா?

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின்னும், நள்ளிரவு தாண்டி நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் அனலோடு விழித்து, நனைந்த நைட்டியை மாற்றியதும் குளிரில் நடுங்கிக் கிடப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. முதலில் குளோனாசெபாம் மாத்திரையும், சில மாதங்களுக்குப் பின் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் எனக்கு எழுதித் தரப்பட்டன. இரண்டையும் பயன்படுத்தியவள் என்ற முறையில் நான் ஜெல்லின் பக்கமே சாய்கிறேன்.

விழிப்பு எதனால் வருகிறது என்பதே இதில் தீர்மானிக்கும் கேள்வி. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ், வெப்பம் இம்மியளவு கூடினாலே பொறுக்காமல் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. தூக்க மாத்திரை இந்த இடத்தைத் தொடுவதில்லை. விழிப்பை மட்டும் அமுக்குகிறது. சோல்பிடம் போன்ற குறுகிய கால மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடுவதால், பின்னிரவு அனலுக்கு அது காவலாக நிற்பதில்லை. குளோனாசெபாமோ மறுநாளும் உடலில் தங்குகிறது. காலையில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நான் நின்றது அந்த நாட்களில்தான். போர்வையும் அப்போது முன்போலவே நனைந்திருந்தது. பழகிய மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். எலும்பு வலுவிழக்கும் வயதில் இரவுத் தள்ளாட்டத்தால் விழுவதும் சிறிய விஷயமன்று. சோல்பிடம் பெண்களின் உடலில் மெதுவாக வெளியேறுவதால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

ஜெல் தொடங்குமுன் ஒரு வாரம், கட்டிலருகே வைத்த நோட்டில் ஒவ்வொரு விழிப்பையும், வியர்வை முன்னே வந்ததா, பின்னே வந்ததா என்பதையும் குறித்தேன். பதினேழு விழிப்புகளில் பதின்மூன்று வியர்வையோடு வந்தவை. தைராய்டு பரிசோதனையும் முடிந்த பின்னரே ஜெல் தொடங்கியது. கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சுவர் தடிக்காமலிருக்க இரவில் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்தது; அதற்கே சற்று மயக்கம் தரும் இயல்பு உண்டு என்பதால், என் தூக்கத்தில் எந்தப் பங்கு எதனுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் வாரத்தில் வியர்வை தணியத் தொடங்கியது.

மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி, காரணம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவை உள்ளவர்களுக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு, அனலையே குறைக்கும் காபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. அவற்றை நான் எடுத்ததில்லை.

வியர்வையில்லாமல் வந்த மற்ற நான்கு விழிப்புகள் ஜெல்லுக்கு அசையவில்லை. அவற்றுக்கு, படுக்கும் நேரத்தைச் சுருக்கி, தூக்கம் வராதபோது கட்டிலை விட்டு எழுந்துவிடும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். மரணம், மருத்துவமனை போன்ற நெருக்கடியில் சில இரவுகளுக்கு மட்டும் தூக்க மாத்திரை என்றால், மருத்துவர் சொல்லும் அளவில் இன்றும் எடுத்துக்கொள்வேன்.