எஸ்எஸ்டி 2 எம்பி காட்டுதா? "ஃபர்ம்வேர் ஏத்தித் தர்றோம்"னு சொன்னா கையில கொடுத்துடாதீங்க

கடலூர்ல சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கேன். போன மாசம் ஒரு சாயங்காலம் கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்துக் கிடந்ததால சிஸ்டம் பட்டுன்னு அணைஞ்சுது. திரும்பப் போட்டா டி டிரைவைக் காணோம். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 480 ஜிபி எஸ்எஸ்டி வெறும் 2 எம்பின்னு நிக்குது. கம்பெனி பேர் இருந்த இடத்துல ஏதோ சிப் பேர். உள்ளே மூணு கல்யாணம், ஒரு வளைகாப்பு.

பாண்டியில ஒரு கடைக்குக் கொண்டு போனேன். "ஃபர்ம்வேர் ஏத்தினா வந்துடும் சார், டேட்டாவுக்கு நாங்க கேரண்டி"ன்னார். ஃபர்ம்வேர்னா டிரைவுக்குள்ளேயே ஓடுற புரோகிராமாம். கூலி 4,500 ரூபாய். ரெண்டு நாள் கழிச்சுப் போனா 447 ஜிபி காட்டுது (480ஐ விண்டோஸ் அப்படித்தான் காட்டும்). திறந்தா காலி. "ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டிடலாம்"னு இன்னொரு 3,000 வாங்கினார். ராத்திரி முழுக்க ஓடியும் ஒரு படத்தோட துண்டுகூட வரலை.

அப்புறம்தான் சென்னையில ஒரு ரெக்கவரி லேப்ல விஷயம் புரிஞ்சுது. எந்த ஃபைலோட எந்தத் துண்டு எந்த மெமரி சிப்ல இருக்குன்னு எஸ்எஸ்டி ஒரு கணக்குப் புத்தகம் வெச்சிருக்கு. கரண்ட் போனப்போ அது பாதி எழுத்துல கெட்டுப் போச்சு. அதைப் படிக்க முடியாம, டிரைவை இயக்குற கன்ட்ரோலர் தன் ரோம்ல இருக்கிற அடிப்படை புரோகிராமை மட்டும் ஓட்டிக்கிட்டு ஒரு பொய் அளவைச் சொல்லுது. சில டிரைவ்ல `SATAFIRM S11`னு பேர் வர்றதும் இதே ரகம்தான். கடையில கொடுத்த நிமிஷம் வரை என் படமெல்லாம் சிப்லயே இருந்திருக்கு!

ஃபர்ம்வேர் ஏத்துறேன்னு கடைக்காரர் ஓட்டினது தொழிற்சாலையில புது டிரைவுக்கு ஓட்டுற டூல். அது சிப்பை மொத்தமா அழிச்சு, புதுக் கணக்குப் புத்தகம் போடும். டிரைவ் பிழைக்கும், டேட்டா போயிடும். அழிச்ச சிப்ல ரெக்கவரி சாஃப்ட்வேர் எதைத் தேடும்? அந்த 3,000 ரூபாய்தான் எனக்கு இன்னும் எரியுது.

லேப் செய்யுறது வேற. தற்காலிக புரோகிராம் ஒண்ணை கன்ட்ரோலரோட ராம்ல மட்டும் ஏத்தி, பழைய கணக்கை வெளியே கம்ப்யூட்டர்ல திரும்பக் கட்டி, இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பாங்க. சிப்ல ஒரு எழுத்துகூட எழுத மாட்டாங்க. கரண்ட் போன நேரத்துல எழுதிட்டிருந்த ஃபைல் கெட்டிருக்கலாம், பழசு பெரும்பாலும் வந்துடும். எல்லா கன்ட்ரோலருக்கும் இந்த வசதி கிடையாது. "சிப்பைக் கழட்டிப் படிக்கிறோம்"னு யாராவது சொன்னாலும் நம்பாதீங்க. நிறைய டிரைவ்ல டேட்டா என்கிரிப்ட் ஆகித்தான் சிப்ல இருக்கும், அந்தக் கன்ட்ரோலர் இல்லாம பிரிக்க முடியாது.

அதனால கடையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சிப்ல எழுதுவீங்களா, படிக்க மட்டும் செய்வீங்களா?" முழிச்சா டிரைவை வாங்கிட்டு வந்துடுங்க.

எனக்கு மிஞ்சினது: ஃபார்மட் பண்ணாத ஒரு மெமரி கார்டுல ஒரு கல்யாணத்தோட முகூர்த்தம், ஆல்பம் பிரிண்ட் போட்ட இடத்துல 40 பக்கம். வளைகாப்பு வீட்டுக்கு இன்னும் போன் பண்ணலை.