டபரா டம்ளருக்குக் கோடு போட மூன்று வழி: ப்ரஷ், வெக்டர் லேயர், பென் டூல்

போட்டோவைக் கீழே வைத்து மேலே கோடு இழுப்பதில் எந்த முறை நல்லது என்று பார்க்க, மூன்றுக்கும் ஒரே படத்தைக் கொடுக்க வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டது மயிலாப்பூர் மெஸ் மேஜையில் இருக்கும் டபரா செட். முகம் வரையும்போது கன்னத்துக் கோடு இரண்டு பிக்சல் தள்ளிப்போனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். டம்ளர் விளிம்பு ஒரு பக்கம் சப்பிப்போனால் காபி குடிக்காதவருக்குக்கூடத் தெரியும். இந்தப் படத்தில் கை சிக்கும் இடம் இரண்டுதான். ஒன்று, விளிம்பின் நீள்வட்டம். மற்றது, டம்ளரின் பக்கக்கோடு டபராவின் முன்விளிம்புக்குப் பின்னால் மறைகிற இடம்.

முதலில் போட்டோ, ஏனென்றால் பாதித் தப்பு அங்கேயே நடந்துவிடுகிறது. போனின் 1x லென்ஸ் அகலக் கோண லென்ஸ். அதைக் கிட்டே கொண்டுபோனால் டம்ளரின் தலை பெருத்து அடி சிறுத்துவிடும். நாலடி தள்ளி நின்று 2x-ல் எடுங்கள். டம்ளர் படத்தின் நடுவில் இருக்கட்டும், போன் விளிம்பைவிட ஒன்றரை சாண் உயரத்தில் இருக்கட்டும். ஓரத்தில் வைத்து எடுத்தால் நீள்வட்டம் சாய்ந்து வரும், அதை அப்படியே டிரேஸ் செய்தால் பாத்திரமே சரிவதுபோல இருக்கும். வெளிச்சம் ஒரு ஜன்னலிலிருந்து மட்டும் வந்தால் போதும். எவர்சில்வரில் டியூப்லைட், ஜன்னல், உங்கள் சட்டை எல்லாம் தெரியும். அந்தப் பிரதிபலிப்புகளையெல்லாம் கோடாக்குவதுதான் புதிதாக வரைபவர்கள் செய்யும் பெரிய தவறு. பாத்திரத்தின் வடிவம் எங்கே திரும்புகிறதோ அங்கே மட்டும் கோடு வர வேண்டும்.

கேன்வாஸ் மூன்றிலும் A4, 300 dpi, அதாவது 2480 × 3508 பிக்சல். போட்டோ லேயரின் ஒபாசிட்டி 35%. கோட்டுக்கு மூன்று தடிமன்: உள்கோட்டுக்கு 4 பிக்சல், வெளிக்கோட்டுக்கு 8, நிழல் பக்கத்துக்கும் ஒரு பொருள் இன்னொன்றை மறைக்கும் இடத்துக்கும் 14. இந்தப் படத்தை 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பகிர்ந்தால் 4 என்பது சுமார் 1.7 ஆகிவிடும். அதற்கும் மெல்லிய கோடு போன் திரையில் சாம்பல் பூசியதுபோல மங்கிவிடும். அதனால் 4-க்குக் கீழே போகாதீர்கள்.

ஐபேடில் வரையும் செயலியான ப்ரோகிரியேட்டின் சாதாரண ப்ரஷ்ஷிலிருந்து தொடங்குவோம். இங்கே போட்ட கோடு வெறும் பிக்சல். தடிமன் கையின் அழுத்தத்திலிருந்து அந்த நொடியே வருகிறது, பிறகு மாற்ற முடியாது. பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான். Inking தொகுப்பில் Technical Pen எடுத்து, ப்ரஷ் அமைப்பில் Stabilization பகுதிக்குப் போய், கை நடுக்கத்தைச் சீராக்கும் StreamLine-ஐ 40% அளவில் வையுங்கள். பலரும் அதை 90-க்கு ஏற்றிவிட்டு, கோடு வழவழவென்று வருகிறதே என்று மகிழ்கிறார்கள். நீளமான பக்கக்கோட்டுக்கு அது சரிதான். ஆனால் டம்ளரின் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும் சின்ன வளைவில், கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வந்து மூலையைக் குறுக்கே வெட்டிவிடும். உதடு மழுங்கிப்போய் பிளாஸ்டிக் டம்ளர் மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான்.

நீள்வட்டத்தை ஒரே சுற்றில் போட முயல வேண்டாம். தனி லேயரில் Monoline ப்ரஷ்ஷால் ஒரு நீள்வட்டம் போட்டு, பேனாவை எடுக்காமல் அப்படியே நிறுத்தினால் ப்ரோகிரியேட் அதைச் சீராக்கித் தரும். Edit Shape-ல் போட்டோவின் விளிம்போடு பொருத்திக்கொள்ளுங்கள். இது வழிகாட்டி மட்டுமே. இதன்மேல் முன்பக்க வில், பின்பக்க வில் என்று இரண்டு இழுப்பாகக் கையால் மை போட வேண்டும், முன்வில் தடிமனாக, பின்வில் மெல்லியதாக. டபராவுக்கும் இப்படியே. ஒரு சோதனை உண்டு: கண் மட்டத்திலிருந்து கீழே போகப்போக நீள்வட்டம் உருண்டையாக வேண்டும். டம்ளர் விளிம்பு 600 பிக்சல் அகலம், 180 உயரம் என்றால் விகிதம் 0.30. அதற்குக் கீழே இருக்கும் டபரா விளிம்பு 900 அகலத்துக்கு 305 உயரம் வந்தால், 0.34, சரி. டபரா டம்ளரைவிடச் சப்பையாக வந்தால் எங்கோ கோடு போட்டோவை விட்டு விலகியிருக்கிறது.

இழுக்கும்போது திரையை 400% பெரிதாக்கிக்கொண்டு விரலால் நகர்த்துவது இன்னொரு கெட்ட பழக்கம். விரல் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாது. அதனால் கோடு துண்டு துண்டாகச் சேர்ந்து, மயிர் முளைத்ததுபோல ஆகும். நூறிலிருந்து நூற்றைம்பது சதவீதத்தில் நின்று, கேன்வாஸைத் திருப்பி, வளைவின் குழி முழங்கை இருக்கும் பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் ஒரே வீச்சில் போகலாம். நாலு ஐந்து தடவை பின்வாங்க நேரும், அது இந்த முறையின் விலை.

கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்டின் வெக்டர் லேயரில் கை செய்வது அதே வேலைதான். பேனா அழுத்தினால் கோடு தடிக்கும். ஆனால் போட்ட பிறகும் அந்தக் கோடு உயிரோடு இருக்கிறது. Stabilization 20 அளவில் வைத்து டம்ளரின் பக்கக்கோட்டை இழுங்கள். நடுவில் ஒரு பிக்சல் வயிறு தள்ளியிருந்தால் Correct line கருவிகளில் Pinch vector line எடுத்து அந்த வயிற்றை உள்ளே தள்ளலாம். தடிமன் போதவில்லையென்றால் Adjust line width-ஐ அந்தப் பகுதி மேல் தேய்த்தால் அங்கே மட்டும் தடிக்கும். கோட்டை மறுபடி இழுக்க வேண்டியதில்லை.

இதன் உண்மையான பலம் அந்த இரண்டாவது இடத்தில்தான் தெரிகிறது. டம்ளரின் பக்கக்கோடு டபராவின் முன்விளிம்பில் முடிய வேண்டும். ப்ரஷ்ஷில் வரைபவர் சரியாக அந்தப் புள்ளியில் நிறுத்தப் பார்ப்பார். நிறுத்தப் போகிறோம் என்ற பயத்திலேயே கை வேகம் குறையும், கடைசி அரை அங்குலம் நடுங்கும், முனையில் ஒரு மைக்குமிழ் விழும். வெக்டர் லேயரில் நிறுத்தவே வேண்டாம். முன்விளிம்பைத் தாண்டி டபராவுக்குள் தைரியமாக இழுத்துவிட்டு, வெக்டர் அழிப்பானில் Up to intersection என்ற தேர்வை வைத்து மிச்சத்தைத் தொட்டால், கோடுகள் வெட்டும் இடம்வரை மட்டும் துண்டு போய்விடும். கோடு நேர்த்தியாக வர இதைவிட எளிய உபாயம் இல்லை. இரண்டு கோடும் உண்மையிலேயே வெட்ட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழிப்பான் அடுத்த வெட்டுவரை ஓடி, பக்கக்கோடு முழுவதையும் தின்றுவிடும்.

வெட்டிய பிறகு அந்த முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். டபராவின் முன்விளிம்பு 14, அதில் வந்து முட்டும் டம்ளர் கோடு 8. முட்டுவதற்கு முன் கடைசி 30 பிக்சலில் டம்ளர் கோடு 8-லிருந்து 4-க்கு மெலிந்தால், டம்ளர் பின்னால் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இரண்டும் ஒரே தடிமனில் முட்டினால் டம்ளர் டபராவில் ஒட்டவைத்ததுபோல இருக்கும். ஒரு துளி நிழல்கூடப் போடாமல் ஆழம் காட்டுவது இந்த மெலிவுதான்.

குறையும் உண்டு. வெக்டர் லேயரிலேயே பக்கெட்டால் நிறம் ஊற்ற முடியாது, கீழே வேறொரு சாதாரண லேயர் வேண்டும். டேப்லெட்டில் சந்தா கட்ட வேண்டும். ப்ரோகிரியேட் ஒருமுறை வாங்கினால் முடிந்தது, ஆனால் அது ஐபேடுக்கு மட்டுமே. எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம் என்று தெரிந்துவிட்டால் கை சோம்பேறியாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அஃபினிட்டி டிசைனரின் பென் டூல் வேறு ஜாதி. அங்கே கோடு இழுப்பதே இல்லை, புள்ளி வைத்து, அதிலிருந்து வளைவைத் தீர்மானிக்கும் பிடியான ஹேண்டிலை நீட்டுகிறோம். விளிம்புக்கு நீள்வட்டக் கருவியே இருக்கிறது, அரை நிமிட வேலை. உதட்டின் மடிப்புக்குப் புள்ளிகளை வளைவின் உச்சியிலும் அது திசை மாறும் இடத்திலும் மட்டும் வையுங்கள், ஹேண்டில் அடுத்த புள்ளிவரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். உதட்டுக்கு மூன்று புள்ளி தாராளம். போட்டோவின் ஓரத்தைப் பின்தொடர்ந்து பன்னிரண்டு புள்ளி வைத்தால் தகரம் நசுங்கியதுபோல அலை அலையாக வரும்.

வளைவு இதில் அப்பழுக்கில்லாமல் வரும். தடிமன்தான் வராது. எல்லாக் கோடும் ஒரே பருமனில் கிடக்கும். ஸ்ட்ரோக் பேனலில் உள்ள அழுத்த வரைபடத்தை ஒவ்வொரு கோட்டுக்கும் தனியாக வளைக்க வேண்டும். முழு நீள்வட்டத்துக்கு அதைக் கொடுத்தால் தொடக்கமும் முடிவும் சந்திக்கும் புள்ளியில் தடிமன் படியாகக் குதிக்கும். ஆகவே இங்கேயும் நீள்வட்டத்தை முன்வில், பின்வில் என்று உடைத்தாக வேண்டும். இவ்வளவு செய்தும் படம் பெயர்ப்பலகைச் சின்னம்போலத்தான் இருக்கும். பெயர்ப்பலகைக்கே வேண்டுமென்றால் அது குறையில்லை. ப்ரோகிரியேட்டில் வரைந்த 2480 பிக்சல் படத்தை ஆறடி அகல ஃப்ளெக்ஸுக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 34 பிக்சல்தான் தேறும், கிட்டே நின்று பார்த்தால் படிக்கட்டு தெரியும். அஃபினிட்டி கோட்டுக்கு அந்தக் கவலை கிடையாது.

செயலியைத் தேர்வதற்கு முன் பேனாவைப் பாருங்கள். 2023-ல் வந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தம் உணரும் வசதி இல்லை. கடையில் விலை குறைவு என்று அதை வாங்கியவர், ப்ரோகிரியேட்டில் எவ்வளவு அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லையே என்று ப்ரஷ் அமைப்பை நோண்டிக்கொண்டிருப்பார். ரப்பர் முனை வைத்த சாதா ஸ்டைலஸும் அப்படித்தான். அழுத்தம் இல்லாத பேனா கையில் இருந்தால் ப்ரஷ் வழியை மறந்துவிட்டு, கிளிப் ஸ்டூடியோவில் ஒரே தடிமனில் இழுத்துப் பிறகு Adjust line width-ஆல் தடிப்பதுதான் நடைமுறை. சாம்சங் எஸ் பென்னுக்கு அழுத்தம் உண்டு. ஆண்ட்ராய்டில் காசு செலவழிக்காமல் ப்ரஷ் வழியைப் பழக கிரிட்டா இருக்கிறது.

சென்னைக்கென்று ஒரு தொல்லை, வியர்வை. மே மாதத்தில் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டும், ஒட்டி விடுபடும் இடத்தில் கோடு வெட்டும். நீளமான கோட்டில் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் உதறல் வந்தால் StreamLine-ஐ ஏற்றாதீர்கள், கையைத் துடையுங்கள். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை போதும், பழைய வேட்டித் துணியை மடித்துக் கைக்கடியில் வைத்தாலும் நடக்கும்.

தடிமன் பழகுவதுதான் நோக்கமென்றால், அழுத்தம் உணரும் பேனாவோடு ப்ரோகிரியேட்தான் எங்கள் தேர்வு. இதே டபரா செட்டைப் பத்துத் தடவை போடுங்கள், StreamLine-ஐ 40-லிருந்து இரண்டு படத்துக்கு ஒருமுறை 5 குறைத்துக்கொண்டே வாருங்கள், கடைசி இரண்டு படம் 20-ல் வரும். யாருக்காவது முடித்துக் கொடுக்க வேண்டிய படமென்றால் கிளிப் ஸ்டூடியோ. பென் டூல் ஃப்ளெக்ஸுக்கும் ஸ்டிக்கருக்கும். எதில் வரைந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டோ லேயரை மறைத்துப் பாருங்கள். எவர்சில்வரின் கருப்பு நிழல்மேல் கிடக்கும்போது 14 பிக்சல் கோடும் மெல்லியதாகத்தான் தெரியும், வெள்ளையில் பார்த்தால்தான் எங்கே அளவுக்கு மீறித் தடித்துவிட்டோம் என்பது புரியும்.