பழைய வருத்தம் எல்லாச் சண்டையிலும் தலைகாட்டும்போது: மூன்று வழிகளின் ஒப்பீடு

இருபது, முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவிக்குள் வரும் சண்டைகளில் ஒரு குறிப்பிட்ட வகை உண்டு. சண்டை சிலிண்டர் பதிவு செய்ய மறந்ததற்காகத் தொடங்கினாலும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தொடங்கினாலும், ஐந்தாவது வாக்கியத்தில் என்றைக்கோ நடந்த ஒரே சம்பவத்தில் போய் நிற்கும். இதற்கு எங்கள் கம்பம் பக்கத்தில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. பழையதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று வீட்டுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொள்வது ஒன்று. பெரியவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது மற்றொன்று. அந்தச் சம்பவத்துக்காக மட்டும் இருவரும் தனியே உட்கார்ந்து, அதை அடிவரை பேசி முடிப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் வேறுவேறு நோய்க்கான மருந்து என்பது என் கருத்து. தவறான மருந்தைப் பல ஆண்டுகள் உண்டு களைத்துப்போன தம்பதியரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். கணவருக்கு வண்டன்மேடு பக்கம் சிறிய ஏலக்காய்த் தோட்டம். திருமணமான மூன்றாம் ஆண்டில், காய் எடுப்பு உச்சத்தில் இருந்த நேரத்தில், மனைவிக்குக் கரு கலைந்து தேனியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் மனைவியைச் சேர்த்துவிட்டு அன்று மாலையே கம்பம்மெட்டு வழியாக மலையேறிவிட்டார். பறித்த காயை உடனே ஸ்டோர் எனும் உலர்த்தும் கூடத்தில் உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் போய் ஏலத்தில் விலை விழும் என்பது அவருடைய காரணம். அது பொய்யான காரணமும் அல்ல. அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளாக, எந்தச் சண்டையானாலும் “ஆஸ்பத்திரியில என்னைய அநாதையா விட்டுட்டு மலைக்குப் போனவர்தானே நீங்க” என்ற வாக்கியம் வந்துவிடும். “அத எத்தன வருஷத்துக்குத்தான் சொல்லுவ?” என்பது அவருடைய மாறாத பதில்.

முதல் வழியான கட்டுப்பாட்டை இவர்கள் பலமுறை முயன்றார்கள். அதில் நன்மை இல்லாமல் இல்லை. தம்பதியரின் சண்டைகளை ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்றும், உடல் தணிவதற்குக் குறைந்தது 20 நிமிடங்கள் வேண்டும் என்றும் சொல்கிறார். அந்த நிலையில் பழைய வருத்தத்தை எடுத்தால் அது ஆயுதமாக மட்டுமே பயன்படும்; ஆகவே கொதிநிலையில் அதைத் தள்ளிவைப்பது சரியே. தள்ளிவைத்ததைப் பிறகு எடுத்துப் பேசும் நாள் வராமலே போவதுதான் இந்த வழியின் குறை. “பேசக் கூடாது” என்ற விதி, காயம் பட்டவருக்கு “உன் வலியைக் கேட்க எனக்கு விருப்பமில்லை” என்றே ஒலிக்கிறது. முதலில் ஏற்பட்ட காயமும் அதுதான் என்பதால், விதி நீடிக்க நீடிக்கக் காயம் புதுப்பிக்கப்படுகிறது.

பெரியவர்களின் பஞ்சாயத்து, நகை, நிலம், சீர், கடன் என்று கணக்குப் பார்க்கக்கூடிய வருத்தங்களுக்குப் பொருத்தமானது. மனைவியின் நகையைச் சொல்லாமல் அடகு வைத்தவரை, மாமனும் மச்சினரும் உட்கார்ந்து அறுவடைக்குள் மீட்டுத் தரச் சொல்லி, அவரும் மீட்டுக் கொடுத்தால், அந்த வருத்தம் பெரும்பாலும் ஆறிவிடும். மருத்துவமனைச் சம்பவத்தில் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அதைப் பெரியவர்களிடம் கொண்டுபோனபோது “நடந்தது நடந்துபோச்சு, ஆறின புண்ணக் கிளறாத தாயி” என்று அவர்கள் அன்போடு சொல்லி அனுப்பினார்கள். புண் ஆறியிருக்கவே இல்லை.

மூன்றாவது வழிக்கு உளவியலில் நல்ல அடித்தளம் இருக்கிறது. கனடாவில் தம்பதியர் சிகிச்சையை வளர்த்தெடுத்த சூ ஜான்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2001-ல் இத்தகைய காயத்தைத் தனியாக வரையறுத்தார்கள். பிரசவம், கருக்கலைவு, நோய், மரணம் போன்ற மிகுந்த தேவை இருந்த நேரத்தில் துணை கைவிட்டார் என்ற அனுபவம், “இவரை நம்பிச் சாயலாமா” என்ற கேள்வியாகத் தங்கிவிடுகிறது. புதிய சண்டை எதுவானாலும் அடியில் அந்தக் கேள்விதான் எழுகிறது. ஆகவே நியாயத்தை நிலைநாட்டுவதால் அது அடங்குவதில்லை.

இந்த மூன்றாவது வழியில் வரிசை முக்கியமானது. சண்டை இல்லாத ஒரு நாளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். முதலில் காயப்பட்டவர், குற்றச்சாட்டை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் தனக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் வழக்கமான வாக்கியத்தையே சொல்லித் தொடங்கினார், சற்று நேரம் கழித்துத்தான், அதுவரை எந்தச் சண்டையிலும் வராத ஒன்றைச் சொன்னார்: “ராத்திரி நர்ஸம்மா வந்து வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னு கேட்டாங்க. வராண்டாவுல எட்டிப் பாத்தேன், யாருமில்ல. நான் செத்தாலும் இவருக்குக் காய்தான் பெருசுன்னு நெனச்சேன்.” இப்படிப் புதிய விவரம் வெளிவருவது, பேச்சு சரியான இடத்தைத் தொட்டிருப்பதன் அடையாளம்.

வழக்கமாகக் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். கேட்பவர் உடனே காரணம் சொல்லத் தொடங்குவார், அல்லது “ஸாரி சொல்லிட்டேன்ல” என்று முடிக்கப் பார்ப்பார். காரணம் உண்மையாக இருந்தாலும் இப்போது அதற்கு இடமில்லை. அந்த இரவில் அவள் பட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, அதற்குத் தான் பொறுப்பு என்று ஏற்ற பிறகே அதற்கு இடம் உண்டு. கணவர் ஸ்டோர், விலை என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, “வராண்டாவுல நான் இருந்திருக்கணும். காசு பயத்துல ஓடிட்டேன். நீ அப்படி நெனச்சேன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்” என்றார். அந்தக் கரு போனதற்காகத் தானும் ஸ்டோர் அடுப்பின் முன்னால் அழுததை அவர் அதன் பிறகு சொன்னபோது அவளால் கேட்க முடிந்தது. இறுதியாகக் காயப்பட்டவர் இனி தனக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். அந்த அம்மாள் கேட்டது, மருத்துவமனை என்று வந்தால் எந்த எடுப்பாக இருந்தாலும் கூடவே இருக்க வேண்டும் என்பதுதான்.

ஒரே அமர்வில் இது முடிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2006-ல் ஜான்சனும் அவருடன் பணியாற்றிய மக்கினெனும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளரின் துணையோடு பேசிய 24 தம்பதியரில் 15 தம்பதியருக்கே காயம் தீர்ந்தது. தீராதவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட காயங்கள் அடுக்காகச் சேர்ந்திருந்தன. அப்படிப்பட்டவர்கள் வீட்டுத் திண்ணையில் தாங்களாகவே முயல்வதைவிட, பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் போவது நல்லது.

எந்த வழி என்று முடிவு செய்யுமுன், திரும்பி வருவது ஒரே சம்பவமா அல்லது ஒரே நடத்தையின் புதுப்புதுச் சம்பவங்களா என்று பார்க்க வேண்டும். குடி, வசை, ஏமாற்று ஆகியவை இன்றும் தொடர்ந்தால் அது பழைய வருத்தமே அல்ல. அடிக்கடி தவறாக நடக்கும் துணையை மன்னித்துக்கொண்டே போனால் அந்த நடத்தை குறையாமல் தொடரும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்நல்டியின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே முதலில் நடத்தை நிற்க வேண்டும். அடி உதை இருக்கும் வீட்டில் மூன்றாவது வழியை முயலவே கூடாது. மனம் திறந்து சொன்னதே அடுத்த அடிக்குக் காரணமாகிவிடும்.

அந்தத் தம்பதியர் இப்போதும் சண்டை போடுகிறார்கள். கட்டுப்பாட்டையும் அவர்கள் கைவிடவில்லை. கொதிப்பு ஏறினால் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டு, அரைமணி நேரத்தில் தாமே திரும்பி வந்து உட்காருகிறார். மருத்துவமனைப் பேச்சு பிறகும் இரண்டொரு முறை வந்தது. இப்போது அந்த அம்மாள் “அன்னிக்கு மாதிரி பயமா இருக்கு” என்கிறார். அவரும் எத்தனை வருடம் என்று கேட்பதில்லை, எதற்குப் பயம் என்று கேட்கிறார்.