இரண்டு பார்லர், ஒரே மூன்று வேலை

ஒரு மாத இடைவெளியில் இரண்டு பார்லர்களில் ஒரே மூன்று வேலைகளைச் செய்துகொண்டேன்: ஐப்ரோ திரெடிங், கைக்கு வாக்சிங், பெடிக்யூர். ஒன்று ஏசியும் சாய்வு நாற்காலிகளுமாக இருக்கும் பெரிய பார்லர். இன்னொன்று இரண்டே நாற்காலி போட்டு ஒரு அக்கா தனியாக நடத்துவது.

பெரிய பார்லரில் முதலில் கண்ணில் பட்டது நீல விளக்கு எரியும் யூவி பெட்டி. அதிலிருந்துதான் கருவிகளை எடுத்தார்கள். பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி, ஏற்கெனவே சுத்தம் செய்த கருவியை வைத்துக்கொள்ளத்தான் லாயக்கு. விளக்கு வெளிச்சம் படாத மடிப்புக்குள்ளும் அடிப்பக்கத்திலும் அது எதையும் கொல்லாது. க்யூட்டிகிள் வெட்டும் நிப்பரைக் கையில் வாங்கித் திறந்து பார்த்தேன். மூட்டு இடுக்கில் வெள்ளையாக மாவுபோல ஏதோ ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் வந்துபோன யாருடைய நகத்தூளோ! உலோகக் கருவியை முழுமையாகக் கிருமிநீக்கம் செய்ய ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவி வேண்டும்; 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம். அந்த வசதி இரண்டு இடத்திலும் இல்லை. ஆனால் சின்ன பார்லர் அக்கா கருவிகளை சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் முழுக முக்கி, போனில் 10 நிமிடம் டைமர் வைத்தார். தேய்க்காமல் முக்கினால் அழுக்குக்கு அடியில் மருந்து போகாது. நேரம் முடியும் முன் எடுத்தாலும் பலன் இல்லை. இரண்டையும் அவர் தெரிந்தே செய்தார்.

கால் தொட்டி விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. பெரிய பார்லரில் தண்ணீர் சுழன்று பீய்ச்சும் தொட்டி. சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும் இடத்தில் வடிகட்டி இருக்கிறது, அதற்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேரும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நகப் பராமரிப்புக் கடையில் இப்படித்தான் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் ஆறாத கொப்புளங்கள் வந்தன. வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்த குப்பையில் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூயிட்டம் என்ற கிருமி வளர்ந்திருந்தது. போவதற்கு முன் காலை ஷேவ் செய்திருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. நான் வடிகட்டியை எப்போது கழற்றிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன். எனக்கு வேலை செய்த பெண், மேனேஜரைப் பார்த்தார்; மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன பார்லரில் வெறும் பிளாஸ்டிக் பேசின்தான். குழாயும் இல்லை, வடிகட்டியும் இல்லை. என் கண்முன்னே கழுவி, மருந்து தெளித்து, சற்று நேரம் விட்டுத் துடைத்தார்.

அதற்காகச் சின்ன பார்லருக்கு முழு மார்க்கும் கொடுத்துவிட முடியாது. வாக்ஸ் தடவிய குச்சியை அதே டப்பாவில் திரும்பத் திரும்ப விட்டார். கேட்டால், "சூடா இருக்குல்ல, எல்லாம் செத்துடும்" என்றார். தோல் தாங்குகிற சூட்டில் கிருமி சாகாது. இந்த ஒரு விஷயத்தில் பெரிய பார்லர்தான் சரி: ஒவ்வொரு முறையும் புதுக் குச்சி.

கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய பார்லர் பெண் ஸ்ட்ரிப்பை மேல்நோக்கிப் பிய்த்து எடுத்தார். ஐந்தாம் நாளே கை சொரசொரத்தது. முடி வேரோடு வராமல் தோல் மட்டத்தில் ஒடிந்திருந்தது என்று அதற்கு அர்த்தம். அக்கா ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தோலை ஒட்டியபடியே முடி வளரும் திசைக்கு எதிராக விருட்டென்று இழுத்தார். மூன்று வாரம் கை வழுவழுவென்று இருந்தது. திரெடிங் இரண்டு இடத்திலும் பரவாயில்லை.

அப்புறம் பில். பெரிய பார்லர் போனில் சொன்ன தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது, "உங்க ஸ்கின்னுக்கு சாதா வாக்ஸ் ஒத்துக்காது மேம்" என்று வேறு வாக்ஸ் போட்டார்கள்: 30. காலில் ஸ்க்ரப் தடவியபடியே, "இதையும் சேர்த்துடவா?" என்றார்கள்: 20. பாதி தடவிய காலோடு எப்படி வேண்டாம் என்பது? போனில் சொன்னதில் வரியும் சேரவில்லை என்பது கவுன்டரில்தான் தெரிந்தது. ஆக மொத்தம் 150ஐயும் தாண்டிவிட்டது. வாக்ஸுக்கு நானே தலையாட்டியிருந்தேன், அந்த 30க்குச் சண்டை போட எனக்கு நியாயம் இல்லை. விலையைச் சொல்லாமல் தடவிய ஸ்க்ரப்புக்குத்தான் வாக்குவாதம் செய்தேன், எடுபடவில்லை. சின்ன பார்லரில் சொன்னது 80, வாங்கியதும் 80.

அடுத்த முறை அக்காவிடமே போனேன். "எனக்கு மட்டும் வாக்ஸைத் தனிக் கிண்ணத்துல எடுத்துக்கோங்கக்கா, புதுக் குச்சியும் வேணும்" என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் எடுத்தார்.