ஒரே டிவி, பதினைந்து கைபேசிகள்: யூடியூப் பாட்டு வரிசையை விருந்தாளிகளிடம் விட்ட அனுபவம்

விசேஷ வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடி, அவரவர் கைபேசியிலிருந்தே டிவியில் பாட்டு போட நினைத்தால், ஸ்மார்ட் டிவியில் ஏற்கெனவே இருக்கும் யூடியூப் செயலியே போதும். தனிக் கருவி வேண்டாம், சந்தாவும் வேண்டாம். பிறந்தநாள், வளைகாப்பு, மொட்டைமாடி நிலாச்சோறு என்று இரண்டு வருடங்களுக்கு மேல் இதை வைத்தே ஓட்டியதில், எது கைகொடுக்கிறது, எது சறுக்குகிறது என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது.

முதல் சறுக்கல் இணைப்பிலேயே வரும். எல்லோரும் காஸ்ட் பொத்தானைத்தான் தேடுவார்கள். கைபேசியும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்து, ஒன்றையொன்று கண்டுபிடித்தால்தான் டிவியின் பெயர் அந்தப் பொத்தானில் தெரியும். வந்தவர்களில் பாதிப் பேர் மொபைல் டேட்டாவில் இருப்பார்கள். விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனி வைஃபை வைத்திருந்தால், அதில் சேர்ந்தவர்களுக்கும் டிவி தெரியாது. வீட்டுக் கருவிகளை வெளியாள் தொடாமல் தடுப்பதற்கென்றே அந்த இணைப்பு பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐபோனில் யூடியூபுக்கு Local Network அனுமதி கொடுக்கப்படாவிட்டாலும் இதே கதைதான்.

இத்தனையும் டிவி குறியீட்டால் தீர்ந்துவிடும். டிவியில் யூடியூபைத் திறந்து, Settings உள்ளே Link with TV code என்பதைத் தேர்ந்தெடுத்தால் 12 இலக்க எண் ஒன்று வரும். விருந்தாளி தன் யூடியூப் செயலியின் Settings-இல் Watch on TV என்பதைத் தேடி, Enter TV code-ஐ அழுத்தி அந்த எண்ணை அடித்தால் முடிந்தது. யார் எந்த இணையத்தில் இருந்தாலும் சரி, வைஃபை கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. திரையை ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஆனால் காலையிலேயே போட வேண்டாம், எண் மாறக்கூடியது. இன்னொன்று, எண்ணைக் காட்ட டிவியில் Settings-க்குப் போனால் ஓடும் பாட்டு நின்றுவிடும். அதனால் ஆட்கள் வந்து உட்காரும் நேரத்திலேயே, முதல் பாட்டுக்கு முன்பாகவே இணைத்து முடித்துவிடுவது நல்லது.

இணைந்த பிறகு கைபேசியிலிருந்து பாட்டு எதுவும் டிவிக்குப் போவதில்லை. ‘இந்த வீடியோ’ என்ற தகவல் மட்டும்தான் போகிறது. வீடியோவை இணையத்திலிருந்து டிவியே நேராக எடுத்துக்கொள்கிறது. அதனால் பாட்டைச் சேர்த்தவர் பாதியில் கிளம்பினாலும், அவர் கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்தாலும் பாட்டு நிற்காது. பதினைந்து பேர் இணைந்திருந்தாலும் இணையத்துக்குச் சுமை ஒரே ஒரு வீடியோவின் அளவுதான்.

வைஃபை இல்லாத மண்டபத்தில் இந்த விவரம் மிகவும் உதவும். ஒருவருடைய ஹாட்ஸ்பாட்டில் டிவியை மட்டும் சேருங்கள், மற்றவர்கள் சொந்த டேட்டாவிலிருந்தே வரிசையில் சேர்ப்பார்கள். ஆனால் ஹாட்ஸ்பாட் கொடுப்பவரின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 1080p-க்கு யூடியூப் பரிந்துரைக்கும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட். அந்த வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 6.7 ஜிபி ஆகும். 480p-க்கு 1.1 மெகாபிட்தான், அதாவது அதே மூன்று மணி நேரத்துக்கு 1.5 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி திட்டம் வைத்திருப்பவரிடம் வாங்கினால், வீடியோவின் பல்சக்கரக் குறியில் தரத்தை இறக்கிவிடுங்கள். நாலைந்து பாட்டு கழித்து, அது அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி வருவதுதான் மிக முக்கியம். இணைந்த கைபேசியில் ஒரு பாட்டைத் தொட்டால் இரண்டு வழிகள் வரும்: Play, Add to queue. Play-ஐ அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நடுவில் அறுந்து, புதிது ஓட ஆரம்பித்துவிடும். சேர்த்து வைத்த வரிசையே போய்விடுவதும் உண்டு. அழுத்தியவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அவருக்குத் தன் பாட்டு வந்ததுதான் தெரியும். முழு பிளேலிஸ்டைத் திறந்து ஓடவிடுவது இதைவிட மோசம், அத்தனை பாட்டும் வரிசையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணைக் குழுவில் போடும்போதே “Add to queue மட்டும் அழுத்துங்க, Play வேண்டாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெரியவர்களுக்குப் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுச் சேர்க்கும் வழியைக் காட்டிக் கொடுப்பது பாதுகாப்பானது.

இந்த வரிசைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. இணைந்த எவரும் எவர் பாட்டையும் நீக்கலாம், தாண்டலாம், இடம் மாற்றலாம். முறை வைத்துப் போடும் வசதியும் கிடையாது, முதலில் சேர்த்தது முதலில் வரும். மூன்று மணி நேரம், பாட்டுக்கு நாலரை நிமிடம் என்றால் மொத்தம் 40 பாட்டுதான். பதினான்கு பேர் இருந்தால் தலைக்கு மூன்றுகூட முழுதாக வராது. இதில் ஒரு தம்பி ஆரம்பத்திலேயே பத்துப் பாட்டைக் கொட்டிவிட்டால், முக்கால் மணி நேரம் அவர் ரசனைதான் ஓடும். அத்தை கேட்ட பழைய பாட்டு வருவதற்குள் அத்தை சாப்பிடப் போய்விடுவார். எனவே ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு பாட்டு, அவை ஓடி முடிந்த பிறகுதான் அடுத்தது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். டிவி ரிமோட்டும் அவரிடமே இருக்கட்டும்.

சத்தம் திடீரென்று ஏறி இறங்குவதற்கு இரண்டு காரணங்கள். பழைய பாட்டுகளில் பல, சன்னமான ஒலியில் பதிவேற்றப்பட்டவை. அதற்கு ஏற்றிவைத்த சத்தத்தில் அடுத்து புதுப் பாட்டு வந்தால் காது அடைத்துவிடும். இரண்டாவது, இணைந்திருக்கும் கைபேசியின் ஒலிப் பொத்தானே டிவி சத்தத்தை மாற்றக்கூடியது. சட்டைப் பையில் அழுந்தினாலே போதும். ரிமோட்டை யாரும் தொடாமல் சத்தம் படிப்படியாக ஏறினால் யாரோ ஒருவரின் பையைச் சந்தேகப்படலாம். டிவி ஒலியைத் தனி ஆம்ப்ளிஃபையரில் கொடுத்திருந்தால், கடைசிக் கட்டுப்பாட்டை அதன் திருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டு இன்னொரு எதிரி. டிவி அணைந்தால் வரிசையும் போச்சு. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், முதல் நாளே பலர் சேர்க்கக்கூடிய பிளேலிஸ்ட் ஒன்றை யூடியூபில் உருவாக்கி, Collaborate-ஐ இயக்கி, இணைப்பை அனுப்பிவிடுங்கள். அதில் சேர்த்தவை கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஓடத் தொடங்கிய பின் அதில் சேர்ப்பவை திரையில் ஓடும் வரிசைக்குத் தானாக வரும் என்று நம்ப வேண்டாம். அவற்றை Add to queue வழியாகத்தான் சேர்க்க வேண்டும். வரிசை தீர்ந்ததும் சம்பந்தமில்லாத வீடியோ தானாக ஓடாமலிருக்க, Autoplay-ஐ அணைத்து வையுங்கள்.

படம் வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஸ்பாட்டிஃபையின் Jam ஒழுங்கானது. 2023-இல் வந்த அந்த வசதியில் 32 பேர் வரை சேரலாம், தொடங்குபவருக்கு வரிசையின் மேல் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் தொடங்குபவரிடம் பிரீமியம் சந்தா இருக்க வேண்டும். திரையில் படத்தோடு பாட்டு பார்த்தால்தான் நம் வீட்டுக் கூட்டத்துக்குத் திருப்தி என்பதால், எங்கள் தேர்வு யூடியூப்தான்.

விருந்து முடிந்ததும் மறக்காமல் ஒரு வேலை. குறியீடு கொடுத்து இணைந்த கைபேசி, ஊருக்குப் போன பிறகும் இணைந்தே இருக்கும். அங்கிருந்து ஒரு குழந்தை தெரியாமல் அழுத்தினால், நள்ளிரவில் உங்கள் டிவியில் பாட்டு கேட்கும். டிவியின் யூடியூப் Settings-க்குள் Linked devices-க்குப் போய் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் படுங்கள்.