மூன்று ஆஃபர் லெட்டர், ஒரே சொல் ‘கம்பேர்’: ஆவணம் படிக்கும் ஏ.ஐ. செயலியோடு என் அனுபவம்

வருஷச் சந்தாவில் தள்ளுபடி வந்ததிலிருந்து, “அக்கா, அந்தச் செயலியை வாங்கலாமா?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எத்தனை பக்கம் ஏற்றலாம், ஸ்கேன் செய்த பிரதியைப் படிக்குமா, மலாயில் இருந்தால் புரியுமா என்பதெல்லாம் அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கிறது. எல்லாம் உண்மைதான், ஒழுங்காகவே செய்கிறது. நான் எழுத வந்தது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி. இரண்டு மூன்று ஆவணங்களை ஏற்றி, கீழே ‘கம்பேர்’ என்று மட்டும் தட்டினால், எதை வைத்து ஒப்பிடுவது என்று அது எப்படி முடிவு செய்கிறது?

பட்டர்வொர்த்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வீடு வாங்கல் விற்றல், வங்கிக் கடன் பத்திரங்கள் பார்ப்பது என் வேலை. (அலுவலகக் கோப்பு எதையும் இதில் ஏற்றுவதில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவருவதையும் பெயர், ஐ.சி. எண்ணை மறைத்துவிட்டுத்தான் ஏற்றுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.)

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பழையதையும் புதியதையும் சேர்த்து ஏற்றினால், இரண்டும் ஒரே பத்திரத்தின் இரண்டு வடிவங்கள் என்று தானாகவே கண்டுகொள்ளும். வாடகை எவ்வளவு, வீடு எங்கே என்று கதை சொல்லாது. மாறிய வரிகளை மட்டும் எடுத்து வைக்கும். அப்படித்தான் ஒரு தடவை, காலி செய்ய முன்னறிவிப்பு இரண்டு மாதம் என்றிருந்தது மூன்று மாதமாகியிருப்பதைக் காட்டிக்கொடுத்தது. பதினான்கு பக்கப் பத்திரத்தில் அந்த ஒரு சொல்லை என் கண்ணே தேடிப் பிடிக்க நேரமாகியிருக்கும். அன்றைக்கு அதன் மேல் வந்த மரியாதை இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

கோளாறு வருவது ஒரே வேலைக்கான வேறுவேறு ஆவணங்களில். என் சித்தி மகனும் அவன் மனைவியும் புக்கிட் மெர்தாஜாமில் வீடு பார்த்தார்கள். கடன் 4 லட்சம் ரிங்கிட், 35 வருஷம். மூன்று வங்கிகளிடமிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. முதலாவது சாதாரண வட்டிக் கடன், வட்டி 4 சதவீதம். இரண்டாவது இஸ்லாமிய முறை, இலாப விகிதம் 3.95. மூன்றாவதும் வட்டிக் கடன்தான், 3.90, ஆனால் கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் எம்.ஆர்.டி.ஏ. காப்புறுதிக்கான 16 ஆயிரத்தையும் கடனோடு சேர்த்து 4 லட்சத்து 16 ஆயிரமாகப் போட்டிருந்தார்கள். மூன்றையும் ஏற்றி, அந்த ஒரே சொல்லைத் தட்டினான். அழகான அட்டவணை வந்தது. அதை என்னிடம் அனுப்பி, “அக்கா, இஸ்லாமிய லோன் இவ்வளவு மோசமா?” என்று கேட்டான்.

‘மொத்தம் செலுத்த வேண்டியது’ என்ற வரியில் முதல் வங்கிக்கு ஏறத்தாழ 7 லட்சத்து 44 ஆயிரம். இஸ்லாமிய வங்கிக்கு 14 லட்சத்து 44 ஆயிரம். இரண்டு எண்ணும் அந்தந்த லெட்டரில் இருப்பவைதான், செயலி எதையும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒரே வரியில் வைத்தது பெரிய தப்பு.

ஏன் என்று சொல்கிறேன். இஸ்லாமிய முறையில் இந்தக் கடன் ஒரு விற்பனை. விற்பனை என்றால் விலையை ஒப்பந்த நாளிலேயே நிர்ணயித்துவிட வேண்டும். விகிதம் பின்னால் ஏறலாம் இறங்கலாம் என்பதால், வங்கி ஓர் உச்ச விகிதத்தை வைத்து விற்பனை விலையை எழுதிவிடும். இந்த லெட்டரில் உச்ச விகிதம் 10 சதவீதம். 4 லட்சத்துக்கு 10 சதவீதத்தில் 35 வருஷம் போட்டுப் பாருங்கள், அதே 14 லட்சத்து 44 ஆயிரம் வரும். மாதாமாதம் கட்டுவதென்னவோ 3.95 விகிதத்தில்தான். இடையில் உள்ள வித்தியாசத்தை இப்ரா என்ற தள்ளுபடியாக வங்கி கழித்துவிடும். அப்படிக் கொடுக்க வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி இருக்கிறது. ஆக, ஒன்று உச்சவரம்பு, இன்னொன்று இன்றைய விகிதத்தில் போட்ட கணக்கு.

அடுத்தது மாதத் தவணை. அட்டவணைப்படி முதல் வங்கிக்கு 1,771 ரிங்கிட், இஸ்லாமியத்துக்கு 1,759, மூன்றாவதுக்கு 1,817. வட்டி குறைவான வங்கியில் தவணை கூடுதலாக நிற்கிறது. காரணம் அந்த 16 ஆயிரம். அதைக் கழித்துவிட்டு 4 லட்சத்துக்குப் போட்டால் மூன்றாவதன் தவணை 1,747. காப்புறுதிக்காக மட்டும் மாதம் 70 ரிங்கிட், 35 வருஷத்தில் 29 ஆயிரத்துக்கு மேல் போகிறது. மற்ற இரண்டு வங்கியில் எடுத்து, காப்புறுதியைத் தனியாக வாங்கினால் அது வேறு செலவு. ஒப்பிடுமுன் தொகையைச் சமப்படுத்த வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். செயலி எண்களை லெட்டரில் உள்ளபடி தூக்கிவந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் மூட்டியது வெற்றுக் கட்டம். கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் விழும் ‘லாக்-இன் காலம்’ என்ற வரியில் முதல் வங்கிக்கு 3 வருஷம், 2 சதவீதம். மூன்றாவதுக்கு 5 வருஷம், 3 சதவீதம். இஸ்லாமியத்துக்கு ‘குறிப்பிடப்படவில்லை’. லெட்டரைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது! முதல் 3 வருஷத்துக்குள் முடித்தால் 2 சதவீதம் என்று, இப்ரா பற்றிய பத்தியில், முன்கூட்டியே தீர்ப்பதற்கான கட்டணம் தள்ளுபடியில் கழிக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. தலைப்பு வேறாக இருந்ததால் செயலி தாண்டிப் போய்விட்டது. வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவர் ‘அபராதம் இல்லை’ என்றுதானே எடுத்துக்கொள்வார்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே கோப்புகளை வரிசை மாற்றி ஏற்றிப் பாருங்கள். நான் இஸ்லாமிய லெட்டரை முதலில் வைத்து ஏற்றினேன். அட்டவணையின் வரிகளே மாறிவிட்டன. இப்ராவுக்கு ஒரு வரி முளைத்தது, அந்தக் கட்டணமும் அதில் வந்தது, மற்ற இரண்டு வங்கிகளுக்கும் அங்கே வெற்றுக் கட்டம். அதாவது, முதலில் கிடைத்த ஆவணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் தலைப்புகளுக்குள் திணிக்கிறது. வரிசை மாறினால் வரிகள் மாறுகிறது என்றால், எதை வைத்து ஒப்பிடுவது என்று அது யோசிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, சரியான அடிப்படை எது? தொகையைச் சமப்படுத்திய பிறகு தவணைகள் 1,771, 1,759, 1,747. மேலுக்கும் கீழுக்கும் மாதம் 24 ரிங்கிட்தான். 2022 ஆகஸ்ட்டிலிருந்து, விகிதம் மாறக்கூடிய புதிய வீட்டுக் கடன்களுக்கு எல்லா வங்கிக்கும் ஒரே எஸ்.பி.ஆர். அடிப்படை விகிதம்தான், அது பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் ஓ.பி.ஆர். விகிதத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆகவே வங்கி மேலே வைக்கும் கூடுதல் மட்டுமே வித்தியாசம், இங்கே 1.25, 1.20, 1.15. ஐந்து வருஷத்துக்கு அந்த 24 ரிங்கிட்டைக் கூட்டினால் 1,440. மூன்றாவது வங்கியில் எடுத்து ஐந்து வருஷத்துக்குள் வீட்டை விற்றால் அபராதம் 4 லட்சத்து 16 ஆயிரத்தில் 3 சதவீதம், 12,480 ரிங்கிட். தம்பிக்கு வேலை பத்து காவான் தொழிற்சாலையில். நாலாவது வருஷம் ஜொகூர் கிளைக்கு மாற்றலாம் என்று பேச்சு இருக்கிறது. அவர்களுக்குக் கேள்வி வட்டியில் இல்லை, வீட்டை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்பதில் இருக்கிறது. அது மூன்று லெட்டரில் எதிலும் எழுதியிருக்காது.

‘கூட ஒரு வரி தட்டினால் என்ன, எதை ஒப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டால் போயிற்றே’ என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நியாயம் மாதிரி இருக்கிறது. ஆனால் வெறும் ‘கம்பேர்’ என்று தட்டுகிறவர் யார்? எதை ஒப்பிட வேண்டும் என்று தெரியாதவர்தான். இப்ரா என்ற சொல்லையே முதல் தடவை பார்க்கிற பிள்ளை, இப்ராவைக் கவனி என்று எப்படித் தட்டும்? தெரிந்திருந்தால் நானே கால்குலேட்டரை எடுத்திருப்பேன், சந்தா எதற்கு?

இடையில் ஒரு புதுப்பிப்பு வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எதைப் போட்டாலும் முதலில் ஒரு பட்டியல் கேள்வி. நோக்கம் என்ன, முன்னுரிமை என்ன, எந்த வடிவில் வேண்டும் என்று. வாடகை ஒப்பந்தத்துக்கும் அதே கேள்விகள். நல்லவேளை, அதை எடுத்துவிட்டார்கள்.

எனக்குத் தேவை இவ்வளவுதான். ஆவணங்களைப் பார்த்து இது எந்த முடிவுக்காக என்று ஊகிக்கட்டும். ஒரே பத்திரத்தின் இரண்டு வடிவம் என்றால் மாற்றம், போட்டி ஆஃபர்கள் என்றால் தேர்வு. அந்த ஊகத்தை முதல் வரியிலேயே சொல்லட்டும்: ‘4 லட்சத்துக்குச் சமப்படுத்தி, விகிதம் மாறாது என்று வைத்துக்கொண்டு போட்டது’ என்று. ஒரே விஷயம் மூன்று பெயரில் இருந்தால் சேர்த்து வைக்கட்டும். தேடிக் கிடைக்கவில்லை என்பதும், அப்படியொன்று கிடையாது என்பதும் வேறுவேறு என்று காட்டட்டும். விடையையே புரட்டக்கூடிய ஒரு கேள்வி இருந்தால், அதை மட்டும் கடைசியில் கேட்கட்டும்.

தம்பி இஸ்லாமிய வங்கிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மூன்று வருஷம் தாண்டினால் அவர்கள் கைகால் ஃப்ரீ. சந்தா வேண்டாம், லெட்டர் வந்தால் என்னிடம் அனுப்பு என்று அவனிடம் சொல்லிவிட்டேன். கேட்கிற மற்றவர்களுக்கும் அதுவே பதில்: கடன், காப்புறுதி, கான்ட்ராக்டர் கொட்டேஷன் ஒப்பிட இதை வாங்காதீர்கள்.

என் சந்தாவைத் தள்ளுபடி விலையில் போன வாரம் புதுப்பித்துவிட்டேன். வாடகை ஒப்பந்தம் இரண்டு வந்து கிடக்கிறது.